பக்கத்து ஜெயிலுக்கு மாற்றச் சொல்லி மனு: கேள்விகளும் என் பதில்களும்

மத்திய சிறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடும்பத்தார் எழுதும் இடமாற்ற மனுக்களைப் பிரித்து, பதிவு போட்டு, மேலே அனுப்பியதுதான் என் வேலையில் பாதி. நான் வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஐயா, அண்ணன் கடலூர் ஜெயிலில் ஆயுள் தண்டனையில் இருக்கிறார். எங்களுக்கு சங்கரன்கோவில். அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. நாலு பக்கம் எழுதி அனுப்பியும் பதில் இல்லை. என்ன தப்பு செய்தோம்?

நாலு பக்கம்தான் தப்பும்மா. அந்த மாதிரி மனுவில் மூன்று பக்கம் ‘அண்ணன் நிரபராதி, பொய் வழக்கு’ என்றே போகும். அதைத் தீர்மானிப்பது மேல்முறையீட்டு நீதிமன்றம். சிறை அலுவலகத்தில் யாரும் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டார்கள், கேட்ட விஷயம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடக்கும். கைதி எண்ணும் பல மனுக்களில் இருக்காது. ஒரே பெயரில் உள்ளே நாலு பேர் இருந்தால் அந்த மனுவை யார் கோப்பில் சேர்ப்பது?

அம்மா பெயரிலேயே, ஒரே பக்கம் எழுதுங்கள். நடுவில் இவ்வளவு போதும்:

“என் மகன், தண்டனைக் கைதி எண் இன்னது, கடலூர் மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறார். எனக்கு வயது 68. மூட்டுத் தேய்மானத்தால் நீண்ட நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. சென்ற வருடம் இரண்டு முறை மட்டுமே நேர்காணலில் மகனைப் பார்த்தேன். அவரைப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கோ, அங்கே இடமில்லையென்றால் மதுரை மத்திய சிறைக்கோ மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் ‘இரண்டு முறை’ என்பதை அவர்களே நேர்காணல் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ள முடியும். அழுது எழுதிய வரியைவிட அதிகாரிக்கு அந்த வரிதான் உதவும், ஏனென்றால் அவர் குறிப்பு எழுதும்போது அதை அப்படியே எடுத்துப் போடலாம். கூடவே ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், அரசு மருத்துவமனைச் சான்று. தனியார் டாக்டர் சீட்டைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

மதுரையை ஏன் சேர்த்தேன் தெரியுமா? ஒரே ஒரு ஜெயிலைக் கேட்டால் ‘இடமில்லை’ என்று ஒரு வார்த்தையில் கோப்பை மூடிவிடலாம். மதுரை சங்கரன்கோவிலுக்குப் பக்கம் இல்லைதான், ஆனால் அதற்கு மேல் திருச்சி போய், அங்கிருந்து கடலூருக்கு இன்னொரு பஸ் பிடிக்கும் பாடு மிச்சமாகும்.

மனுவைச் சிறைத்துறைத் தலைவருக்கு எழுதி, நகலை அண்ணன் இருக்கும் ஜெயில் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். அதே வாரம் அண்ணனும் உள்ளே சிறை நல அலுவலரிடம் சொல்லித் தன் பெயரில் ஒரு மனு கொடுக்கட்டும். வெளியிலிருந்து வந்த கடிதமும் உள்ளே கொடுத்த மனுவும் ஒன்றாகப் போனால் ‘கைதிக்கே விருப்பமா’ என்ற கேள்வி எழாது.

மண்டேலா விதியிலேயே வீட்டுக்குப் பக்கத்து ஜெயிலில்தான் வைக்கணும்னு இருக்கு. அது உரிமை. கெஞ்சாமல் உரிமைன்னு எழுதச் சொல்லுங்க சார்.

பாதி சரி தம்பி. 2015-இல் ஐ.நா. ஏற்ற அந்த விதிகளில் 59-ஆவது அப்படித்தான் சொல்கிறது, ஆனால் ‘இயன்ற வரை’ என்ற சொல்லோடு. நம் அதிகாரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘இயலவில்லை’ என்று எழுதிவிடுவார். அது நம் நாட்டுச் சட்டமும் இல்லை. வக்கீல் ரிட் போடும்போது எடுத்துக்காட்டட்டும், நன்றாகவே எடுபடும். அம்மா எழுதும் மனுவில் வேண்டாம்.

நாங்களும் மாதாமாதம் மனு போடுகிறோம், அன்றைக்கே பார்க்க விடுகிறார்களே. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

நீங்கள் சொல்வது ஜெயில் வாசலில் ‘மனுப் பார்க்க’ப் போடும் மனு அக்கா. இது வேறு, ஆளையே இன்னொரு ஜெயிலுக்கு மாற்றக் கேட்பது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம், ஜெயில் வாசலிலேயே தினம் நடக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை, புழலில் ரிமாண்டில் இருக்கிறார். நான் திருச்சி. நானும் இதே மாதிரி எழுதலாமா?

எழுதினாலும் ‘நீதிமன்றத்தை அணுகவும்’ என்றுதான் பதில் வரும் அம்மா. விசாரணைக் கைதி அந்த நீதிமன்றத்தின் பொறுப்பில் இருப்பவர். சிறைத்துறை தானாக மாற்றக்கூடாது, வழக்கு நடக்கும் கோர்ட்டில் வக்கீல் மூலம் மனு போட வேண்டும். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். வழக்கு சென்னையில் என்றால், திருச்சிக்கு மாற்றிய பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழிக்காவல் போலீஸ் அவரை அழைத்து வர வேண்டும். காவலர் கிடைக்காத நாளில் ஆள் ஆஜராக மாட்டார், வழக்கு தள்ளிப்போகும். பக்கத்தில் இருந்தும் விசாரணை இழுத்தால் என்ன லாபம்? வீடியோவில் ஆஜர்படுத்தலாம்தான், ஆனால் சாட்சி விசாரணை அன்று அவர் நேரில் இருப்பதைத்தான் பல வக்கீல்கள் விரும்புவார்கள். வக்கீலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தம்பி கேரளாவில் தண்டனை பெற்றுக் கண்ணூர் மத்திய சிறையில் இருக்கிறான். நாங்கள் தேனி. மதுரைக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். 1950-ஆம் வருடத்துக் கைதிகள் மாற்றச் சட்டப்படி இரண்டு மாநில அரசும் சம்மதிக்க வேண்டும். அங்கே கண்காணிப்பாளர் வழியாகக் கேரள உள்துறைக்கு மனு, நகல் நம் உள்துறைக்கு. கேரளாவில் அவன்மேல் வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை விடமாட்டார்கள், முதலில் அதை விசாரியுங்கள். இங்கே உங்கள் ஊர் போலீஸிடமும் அறிக்கை கேட்பார்கள். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் பயந்துபோய் ‘எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை’ என்று வீட்டில் யாராவது சொல்லிவிடப் போகிறார்கள். அப்படிச் சொல்லிக் கெட்ட கோப்பை நானே கையில் எடுத்திருக்கிறேன்.

சங்கரன்கோவில்தான் ஐயா மறுபடியும். ஒரு பக்க மனு அனுப்பி மூன்று மாதம் கழித்து, ‘நிர்வாகக் காரணங்களால் ஏற்க இயலவில்லை’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. இனி?

அந்த வார்த்தைக்குள் மூன்று விஷயம் இருக்கலாம். ஒன்று, பாளையங்கோட்டையில் இடமில்லை. இரண்டு, அண்ணன் வழக்கின் எதிர்த்தரப்பு ஆட்கள் அங்கே அடைபட்டிருக்கிறார்கள். மூன்று, முன்பு ஏதோ தகராறில் அண்ணனையே நிர்வாகக் காரணத்துக்காகக் கடலூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். எது என்று அண்ணனைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்லாமல் இருந்திருப்பார்.

முதலாவது என்றால் கொஞ்ச நாள் கழித்து மதுரையை மட்டும் கேட்டு மறுபடி மனு போடுங்கள். இரண்டாவது என்றால் பாளையங்கோட்டையை மறந்துவிடுங்கள், அங்கே அவர் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது என்றால், அதற்குப் பிறகு கடலூர் ஜெயிலுக்குள் தப்பு செய்து ஒரு தண்டனையும் வாங்காமல் இருக்கிறார் என்ற வரிதான் மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அண்ணன் சொல்லாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் காரணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கவும் செய்வார்கள். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட். அங்கே பெரும்பாலும் ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடு’ என்றுதான் உத்தரவு வரும். ‘ஆளை மாற்று’ என்று வராது. அதை எடுத்துக்கொண்டு வீட்டில் ஸ்வீட் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அண்ணன் பரோலுக்கு விண்ணப்பித்திருந்தால் அது முடியும்வரை இந்த மனுவைத் தள்ளிப்போடுங்கள். ஆள் மாறிய பிறகு கோப்பு பின்னாலேயே போய்ச் சேர நாளாகும், நன்னடத்தை அலுவலர் அறிக்கை பழைய ஜெயிலுக்கு வந்து கிடக்கும். விண்ணப்பித்திருக்கிறாரா?

ஆமாம் ஐயா, போன மாதம்தான் எழுதிக் கொடுத்தாராம்.

அப்படியானால் பரோலில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகட்டும். மதுரை மனுவை எழுதி, தேதி போடாமல் வைத்திருங்கள்.