டெண்டர் கவரிங் லெட்டர்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (கட்டட ஒப்பந்ததாரர், மதுரை): மத்திய அரசு விடுதி ஒன்றில் மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங், பெயின்டிங் வேலை. மதிப்பீடு 40 லட்சம். இதுவரை செய்த பதினொரு வேலையையும் கடிதத்தில் போட்டுவிட்டேன். பட்டியலை அனுப்பியிருக்கிறேன், சரியா சார்?

பதில்: இரண்டு போதும். நீங்கள் அனுப்பிய டெண்டரில் தகுதி இப்படி இருக்கிறது: மதிப்பீட்டில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஒத்த பணி ஒன்று, அல்லது 50 விழுக்காட்டில் இரண்டு, அல்லது 40 விழுக்காட்டில் மூன்று. அதாவது 32 லட்சத்தில் ஒன்று, 20 லட்சத்தில் இரண்டு, 16 லட்சத்தில் மூன்று.

உங்களுடைய பெரிய வேலை 31.4 லட்சம். அதை "முதன்மை அனுபவம்" என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். பரிசீலிப்பவர் 32ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் படிப்பார், அறுபதாயிரம் குறைகிறதே என்று அங்கேயே நின்றுவிடுவார். ஆனால் உங்களிடம் 22 லட்சம் வேலை ஒன்றும் இருக்கிறது. 31.4, 22 இரண்டையும் சேர்த்தால் இரண்டாவது வழியில் தகுதி வந்துவிட்டது. 17 லட்சம் சுற்றுச்சுவரை விடுங்கள், அது ஒத்த பணியே இல்லை.

இப்படி எழுதுங்கள்:

"தகுதி நிபந்தனையின்படி 20 லட்சத்துக்குக் குறையாத இரண்டு ஒத்த பணிகள்: கல்லூரி விடுதி, மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பும் வண்ணப்பூச்சும், 31.4 லட்சம், நிறைவுச் சான்று பக்கம் 14. அலுவலர் குடியிருப்பு, அதே வகைப் பணி, 22 லட்சம், நிறைவுச் சான்று பக்கம் 17."

ஒன்றைச் சரிபாருங்கள். 22 லட்சம் என்பது ஒப்பந்த மதிப்பா, முடித்த மதிப்பா? நிறைவுச் சான்றில் 19.6 என்று இருந்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். பக்க எண்ணையும் எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து அடுக்கிய பிறகு கடைசியாகப் போடுங்கள்.

கேள்வி (புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்): டூ கவர் சிஸ்டம் என்கிறார்களே, இந்தக் கவர் முதல் கவரா, இரண்டாவது கவரா?

பதில்: பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. நான் சொல்வது முகப்புக் கடிதம். அது தொழில்நுட்பக் கவரில் முதல் தாளாகப் போகும். விலை இருப்பது மற்றொரு கவரில்.

கேள்வி (சப்ளையர், ஈரோடு): அதில்தான் மாட்டினேன். "எங்கள் விலையில் 5% தள்ளுபடி தருகிறோம்" என்று கடிதத்தில் நல்லெண்ணத்தோடு எழுதினேன். தள்ளிவிட்டார்கள்.

பதில்: தொழில்நுட்பக் கவரில் விலைவாசனையே வரக்கூடாது. தள்ளுபடியை விலைக் கவரில் அவர்கள் கொடுத்த அட்டவணைக்குள்ளேயே சேர்த்திருக்க வேண்டும்.

கேள்வி (அனுபவஸ்தர், பெயர் வேண்டாம்): கவரிங் லெட்டரை யாரும் படிப்பதில்லை சார். "எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறோம்" என்று ஒரு வரி போதும். முப்பது வருடமாக அப்படித்தான்.

பதில்: பாதி சரி. கடிதத்துக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் அதை வைத்தே தள்ள முடியும். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் நீங்கள் சொன்ன அதே வரி இருந்தது. கீழே லெட்டர்பேடின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: "விலை மாறுதலுக்கு உட்பட்டது. 50% முன்பணம்." மேலே ஏற்கிறோம், கீழே நிபந்தனை! அனுப்பியிருந்தால் நிபந்தனையுடன் கூடிய டெண்டர் என்று ஒதுக்கியிருப்பார்கள். வெற்று லெட்டர்பேட் அச்சடித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஏற்கிறோம் என்ற வரியோடு, வந்த திருத்த அறிவிப்புகளின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு "இவற்றையும் ஏற்கிறோம்" என்று எழுதுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரவு போர்ட்டலை ஒருமுறை திறந்து பார்த்தால்தான் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று தெரியும்.

கேள்வி (அலுவலக உதவியாளர், திருச்சி): தொடர்பு நபராக முதலாளி பெயரைத்தானே போடணும்? கையெழுத்தும் அவர்தான்.

பதில்: கையெழுத்துப் போடுபவரும் தொடர்பு நபரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கையெழுத்து, அதிகாரம் பெற்றவருடையது. முதலாளி இல்லாமல் வேறொருவர் போட்டால் அதிகாரப் பத்திரம் இணையுங்கள். தொடர்பு நபர், விளக்கம் கேட்டு மெயில் வந்தால் அன்றே பார்த்து, சான்று எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரிந்து பதில் சொல்பவர். உங்கள் அலுவலகத்தில் அது நீங்களாகவே இருக்கலாம்! பெயர், பதவி, கைபேசி, மின்னஞ்சல் நான்கையும் ஒரே வரியில் போடுங்கள். போர்ட்டலில் பதிந்த மின்னஞ்சலையே கொடுங்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்றால் விளக்கம் கேட்ட கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும், கெடு முடிந்துவிடும்.

மதுரைக்காரர் மறுபடி: உதவியாளர் பெயரைப் போட்டால் சின்ன கம்பெனி என்று நினைக்க மாட்டார்களா சார்? எங்கள் ஊரில் முதலாளி பேசினால்தான் மரியாதை.

பதில்: இதில் எனக்கே இரண்டு மனசு. சில அலுவலகங்களில் நீங்கள் சொல்வது உண்மைதான். முதலாளி போனை எடுப்பவரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.