பி.காம் முடித்து சேலத்தில் டேலி வேலை பார்க்கிறேன். அடுத்து எஸ்ஏபி படிப்பதா, ஜிஎஸ்டி படிப்பதா? வேலை விளம்பரங்களை வைத்து எப்படி முடிவெடுப்பது?

நானும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு இரும்புக் கடையில் டேலி போட்டுக்கொண்டிருந்தவன்தான். சம்பளம் 16,000. எஸ்ஏபி படித்தால் சென்னையில் 30,000 நிச்சயம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். கட்டணம் 55,000. பணம் கட்டுவதற்கு முன் மூன்று வாரம் கண்ணில் பட்ட விளம்பரங்களையெல்லாம் ஒரு எக்செல் தாளில் ஏற்றினேன்.

எஸ்ஏபி கேட்டு 62 விளம்பரங்கள். ஆனால் ஒரே வேலையை நாலு கன்சல்டன்சி போட்டிருப்பார்கள். ஊர், அனுபவம், விவரத்தின் முதல் இரண்டு வரி எல்லாம் ஒத்துப்போனதை ஒன்றாக வைத்தேன், 38 ஆனது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: எனக்கு எஸ்ஏபி மட்டும் தெரிந்துவிட்டால் இதற்கு விண்ணப்பிக்கலாமா? 33 பேர் எஸ்ஏபியில் இரண்டு மூன்று வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். வகுப்பில் படித்தது அதற்கு ஆகாது. மிச்சம் ஐந்தில் இரண்டு, 'பயிற்சியோடு வேலை' என்று நம்மிடமே காசு கேட்பவை. ஆக, மூன்று.

ஜிஎஸ்டி ரிட்டர்ன் கேட்டவை 24 தான். அதே வடிகட்டலில் 11 நின்றன.

சம்பளத்தைக் கையில் வருவதாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். வருடம் 3,60,000 சிடிசி என்றால் மாதம் 30,000 வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, நம் பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு 720 எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். கைக்கு வருவது 25,700 வாக்கில். சென்னையில் அறை, சாப்பாடு 10,000 போனால் 15,700. சேலத்து ஆடிட்டர் ஆபீஸ்களில் போன் செய்து கேட்டேன். 20,000 என்றார்கள், வீட்டுச் சாப்பாடு. '15,000 முதல் 40,000 வரை' என்று போட்டிருந்தால் கீழ் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள், மேல் எண் நமக்கில்லை.

'ஜிஎஸ்டி தெரிய வேண்டும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்றும் அந்தப் போனிலேயே கேட்டுவிட்டேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: டேலியில் உள்ள கொள்முதலை மாதாமாதம், சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் GSTR-2B-யோடு ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாத பில்லைப் பிடித்து, மாத ரிட்டர்னான 3B போடுவதற்குள் அவரைத் துரத்த வேண்டும். நான் அதை மட்டும் இரண்டு மாதம் படித்தேன்.

ஒரு குறை உண்டு. லீ பஜார் கடைகளில் பாதி வேலை இணையத்துக்கே வராது, 'கணக்கு எழுத ஆள் தேவை' என்று அட்டையில் எழுதித் தொங்கும். அதனால் உள்ளூர் வேலை தாளில் குறைவாகத்தான் தெரியும்.

இப்போது நீங்கள் இருக்கும் கம்பெனியிலேயே எஸ்ஏபி ஓடுகிறதா? அப்படியானால் கணக்கு தலைகீழ். லாகின் வாங்கி இரண்டு வருடம் அதில் பில் பதிந்தால், நான் தள்ளிவைத்த அந்த 33-உம் உங்களுக்குத் திறக்கும், 55,000 செலவில்லாமல்.