பிபிடி முடிந்த மறுநாள் கம்பெனிக்கு என்ன எழுதுவது?

தம்பி, ஆள் எடுக்கும் முன் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு வந்து பேசும் பிபிடி முடிந்ததும் அந்தக் கம்பெனிக்கு அனுப்ப நீ எழுதிய மெயில் வரைவை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சும்மா ஓட்டமாக ஒரு பார்வை பார்த்தேன், ஏனென்றால் கம்பெனிக்காரரும் அப்படித்தான் பார்ப்பார். ஆறு வரி தாண்டியும் நீ யார், எந்தக் கல்லூரி, எதற்காக எழுதுகிறாய் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. உரை மிகுந்த ஊக்கம் தந்தது, மதிப்புமிக்க நிறுவனத்தில் சேர்வது சிறு வயதுக் கனவு, வாய்ப்பளித்தால் நூறு சதவீத உழைப்பைத் தருவேன்... இதெல்லாம் சீனியர் குரூப்பில் சுற்றும் மாதிரி மெயில்தானே? அந்தக் கம்பெனியின் பெயரையே நீ போன வாரம்தான் கேள்விப்பட்டாய், சிறு வயதுக் கனவு எங்கிருந்து வந்தது?

இந்த மாதிரி மெயில் என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருஷம் முன்பு நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு கல்லூரியில், பிபிடி முடிந்த அன்றைக்கு ராத்திரியே பதினோரு பேர் அதே மெயிலை அனுப்பிவிட்டார்கள். ஒருவன் பழைய கம்பெனி பெயரைக்கூட மாற்றவில்லை. அந்த ஹெச்ஆர் கோபமாக எதுவும் எழுதவில்லை, அந்த ஒரு மெயிலை மட்டும் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு ஃபார்வர்டு செய்து, 'தகவலுக்காக' என்று போட்டிருந்தார். அவ்வளவுதான், மறுநாள் காலை பதினோரு பேரும் பிளேஸ்மென்ட் அறை வாசலில் நின்றார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். முதலில் இந்த மெயிலால் என்ன ஆகாது என்று தெரிந்துகொள். ஷார்ட்லிஸ்டில் உன் பெயர் இதனால் ஏறாது. உங்கள் பிளேஸ்மென்ட் செல் அனுப்பும் எக்செல் ஷீட்டில் பதிவு எண், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், சிஜிபிஏ, அரியர் விவரம் எல்லாம் இருக்கும். கம்பெனி கட்-ஆஃப் போட்டு வடிகட்டுவது அதை வைத்துத்தான். அப்புறம் ஆன்லைன் டெஸ்ட். அந்த ஷீட்டில் 'நல்ல மெயில் எழுதினான்' என்று ஒரு கட்டம் கிடையாது. இதனால் ஆகக்கூடியது ஒன்றுதான். பிபிடியில் பேசிய டெக்னிக்கல் ஆள் பல நேரம் இன்டர்வியூ பேனலிலும் உட்காருவார். உருப்படியாக ஒரு கேள்வி கேட்ட பையன் என்று அவருக்கு ஞாபகம் இருந்தால், உன் இன்டர்வியூ 'உன்னைப் பற்றிச் சொல்' என்பதற்குப் பதில் உன் புராஜெக்டிலிருந்து தொடங்கலாம். தொடங்காமலும் போகலாம்.

நீ போனில் சொன்னதில்தான் சரக்கு இருக்கிறது, அதை மெயிலில் ஒரு வரிகூட எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை பேச வந்த டீம் லீடு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பேக் ஸ்லைடைக் காட்டி, போர்டுகள் ஒன்றுக்கொன்று மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பான கேன் பஸ்ஸைப் பற்றி, 'கேன் பஸ்ஸில் மெசேஜ் விட்டுவிட்டு வந்தால் புதுசாகச் சேர்பவர்கள் நேரே புரோகிராம் கோடைத் திறந்து தேடுவார்கள், நாங்கள் முதலில் மல்டிமீட்டரை எடுப்போம்' என்றார் என்று சொன்னாய். நீ அன்று மாலையே லேபுக்குப் போய் உன் புராஜெக்டில் பவரை அணைத்துவிட்டு கேன் ஹை, கேன் லோ என்ற அந்த இரண்டு கம்பிக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸை அளந்தாய். 60 ஓம் வர வேண்டிய இடத்தில் 40 வந்தது. பஸ்ஸின் இரண்டு முனையிலும் டெர்மினேஷன் என்று சொல்லும் 120 ஓம் ரெசிஸ்டர் ஆளுக்கொன்று இருந்தால் பேரலலில் 60. நீ வாங்கிய மூன்று மாட்யூலிலும் போர்டிலேயே 120 ஓம் இருந்து, மூன்றிலும் அதை பஸ்ஸோடு இணைக்கும் ஜம்பர் போட்டபடியே இருந்ததால் 40. நடு மாட்யூலின் ஜம்பரைப் பிடுங்கியதும் 60 வந்தது, இரண்டு மாதமாக அவ்வப்போது காணாமல் போன டெம்பரேச்சர் மெசேஜும் ஒழுங்காக வர ஆரம்பித்தது. இதைவிட நல்ல மெயில் விஷயம் யாருக்குக் கிடைக்கும்? அவர் மேடையில் சொன்னதைக் கேட்டு, அன்றைக்கே செய்து பார்த்து, ஒரு தப்பைக் கண்டுபிடித்திருக்கிறாய். இதை எழுதாமல் கனவைப் பற்றி எழுதுகிறாய்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும், ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கே தமிழில் போடுகிறேன், நீயே உன் ஆங்கிலத்தில் எழுது. கொஞ்சம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை, உன்னுடையதாக இருக்கட்டும்.

பொருள் வரி: கேன் டெர்மினேஷன் பற்றி ஒரு கேள்வி, செவ்வாய் பிபிடி, ஈசிஇ இறுதியாண்டு, கல்லூரி பெயர்.

'வணக்கம் சார். நான் இந்தக் கல்லூரியில் ஈசிஇ இறுதியாண்டு மாணவன். செவ்வாய்க்கிழமை உங்கள் பேச்சில் கோடைப் பார்ப்பதற்கு முன் பஸ்ஸை அளந்து பார்க்கச் சொன்னீர்கள். மூன்று நோடு உள்ள என் பேட்டரி மானிட்டரிங் புராஜெக்டில் அளந்தபோது 40 ஓம் இருந்தது. மூன்று மாட்யூலிலும் டெர்மினேஷன் ஜம்பர் இருந்ததுதான் காரணம். நடுவில் உள்ளதை எடுத்ததும் 60 ஓம் வந்தது, மெசேஜ் விடுபடுவதும் நின்றது. ஒரு கேள்வி: கழற்றி மாட்டும் பேட்டரி பேக்கில், பேக் பஸ்ஸின் முனையில் இருந்தால், டெர்மினேஷனைப் பேக்குக்குள் வைப்பார்களா, வண்டிப் பக்கமா? நேரம் இருக்கும்போது பதில் சொன்னால் போதும். உங்கள் டிரைவுக்கு எங்கள் பிளேஸ்மென்ட் செல் வழியாகப் பதிவு செய்திருக்கிறேன். நன்றி.'

கீழே உன் பெயர், பதிவு எண், துறை, போன் நம்பர். முடிந்தது. இதில் வேலை கொடுங்கள் என்று எங்கேயும் இல்லை, பதிவு செய்திருக்கிறேன் என்ற ஒரு வரியே அதைச் சொல்லிவிடும். கேள்வியும் பொதுவான டிசைன் கேள்வி, அவர் நினைத்தால் இரண்டு வரியில் பதில் போடலாம். எந்த வண்டிக் கம்பெனிக்கு அந்த பேக் செய்கிறீர்கள், எந்த சிப் போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லவே முடியாது, அது வாடிக்கையாளர் ரகசியம்.

பெயர் போடும் இடத்தில் கவனம். நம் ஊர்க்காரர்களின் ஆபீஸ் மெயிலில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து 'மிஸ்டர்' சேர்த்து எழுதினால் நீ அவர் அப்பாவுக்குக் கடிதம் போட்ட மாதிரி ஆகிவிடும். மேடையில் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரையே போடு.

ரெஸ்யூமே இணைக்காதே. அது பிளேஸ்மென்ட் செல் வழியாகத்தான் போகும், இங்கேயும் ஒன்று போனால் இரண்டு வெர்ஷன் சுற்றும், எது கடைசி என்று யாருக்கும் தெரியாது. (நீ எனக்கு அனுப்பிய ஃபைல் பெயர் `resume_final_new(2).pdf`. அதையும் மாற்று, உன் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் போதும்.) மெயில் கல்லூரி ஐடியிலிருந்து போகட்டும். உன் சொந்த ஐடியில் பிறந்த வருஷத்தோடு ஒரு நடிகர் பெயரும் இருக்கிறது, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான இடம். இதை அனுப்பும் முன் உங்கள் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் கேட்டாயா? மாணவர்கள் கம்பெனியோடு நேரடியாகத் தொடர்பு வைக்கக் கூடாது என்று பல கல்லூரிகளில் எழுத்திலேயே விதி உண்டு, மீறினால் டிரைவில் உட்கார விடமாட்டார்கள். விதி இல்லாத இடத்திலும் கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை, ஏனென்றால் அந்தக் கம்பெனியை வரவழைத்தது அவர். உன் கோஆர்டினேட்டர் வழியாகப் போகாமல் நீயே நேரில் போய் வரைவைக் காட்டு, 'சார், ஒரு டெக்னிக்கல் கேள்விதான், உங்களை சிசியில் வைத்து அனுப்பட்டுமா' என்று கேள். சரி என்றால் புதன் காலை பத்து மணி வாக்கில் அனுப்பு, அதற்குள் பதிவு லிங்கையும் நிரப்பிவிடு, இல்லாவிட்டால் அந்தக் கடைசி வரி பொய்யாகிவிடும். வேண்டாம் என்றால் விட்டுவிடு. லிங்க்டினில் அவரைத் தேடிப் பிடித்து அதே விஷயத்தை அங்கே அனுப்புவதும் அதே தப்புதான். அந்த 40 ஓம் கதை எங்கேயும் போகாது, ரெஸ்யூமேயில் புராஜெக்டுக்குக் கீழே ஒரு வரியாக வந்து உட்காரட்டும்.

உன் வரைவின் கடைசியில் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது: மூன்றாவது செமஸ்டரில் ஒரு அரியர் இருந்து கிளியர் செய்துவிட்டேன், நான் எலிஜிபிளா? உன் மனசு முழுக்க இதில்தான் இருக்கிறது, மேலே இருந்த ஊக்கமும் கனவும் இதற்குப் பந்தல், இல்லையா? இந்தக் கேள்வி கம்பெனிக்குப் போகவே கூடாது. தகுதி விதியைக் கம்பெனி கல்லூரிக்கு எழுதித்தான் கொடுத்திருக்கும், பதில் பிளேஸ்மென்ட் ஆபீசர் மேஜையிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்று மட்டும் இருந்தால், இன்றைக்கு நிலுவையில் இருக்கும் பேப்பரைத்தான் கேட்கிறார்கள், நீ கிளியர் செய்துவிட்டதால் பிரச்சினை இல்லை. ஹிஸ்டரி ஆஃப் அரியரும் கூடாது என்று இருந்தால், கிளியர் செய்தது கணக்கில் வராது, எந்த மெயிலும் அதை மாற்றாது. எது எப்படி இருந்தாலும் பதிவுப் படிவத்தில் கேட்கும் கட்டத்தில் ஒரு அரியர் என்று உண்மையையே போடு. ஆஃபர் கொடுத்த பிறகு மார்க்‌ஷீட்டைச் சரிபார்ப்பார்கள், அப்போது முரண்பட்டால் கையில் வந்த ஆஃபர் போய்விடும்.

சம்பளம், சர்வீஸ் அக்ரிமென்ட், கோயம்புத்தூரா பெங்களூருவா என்பதும் இப்படித்தான், ஆபீசரிடம் கேள்.

பதில் வராவிட்டால்? வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர் ஊர் ஊராகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பார், அதற்கு நடுவில் அவர் வேலையும் இருக்கும். இரண்டாவது மெயில் போடாதே, ஸ்லைடில் இருந்த போன் நம்பருக்கு வாட்ஸ்அப்பும் வேண்டாம். பதில் வந்தால் அதே மெயிலுக்குக் கீழே, அவர் சொன்னதில் உனக்கு எது புரிந்தது என்று இரண்டு வரி எழுதி நன்றி சொல்லி நிறுத்து. 'பிளேஸ்மென்ட் செல்லைத் தொடர்புகொள்ளவும்' என்று ஒற்றை வரி வந்தால் அதற்கு அவ்வளவுதான் அர்த்தம், உன்னை நிராகரித்துவிட்டார்கள் என்று ராத்திரியெல்லாம் யோசிக்காதே.

அவருக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும் சனிக்கிழமை டெஸ்ட் முடிந்து இன்டர்வியூ வந்தால், டெர்மினேஷன் ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். 120 ஓம் என்று எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிற்காதே, கேபிளின் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வரும் கதையைப் பேப்பரில் வரைந்து காட்டத் தெரிந்துகொள். 40 ஓம் இருந்தபோதும் பெரும்பாலான மெசேஜ் ஏன் ஒழுங்காக வந்தது என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு உன்னிடம் இப்போது பதில் இல்லை என்று போனில் பேசும்போதே தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் லேப் சாரிடம் உட்கார்ந்து அதைக் கேட்டுவிடு.