12 லட்சத்தைத் தாண்டிய சில ஆயிரங்கள்: மார்ஜினல் ரிலீஃப் கேள்வி-பதில்

வருமான வரியில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்ற அறிவிப்புக்குப் பிறகு, அந்தக் கோட்டை ஒட்டியே நிற்பவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, புதிய வரி முறைப்படி போடப்பட்டவை.

கேள்வி: என் ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய். வரி கிடையாது. இப்போது ஆண்டுக்கு 40,000 ரூபாய் சம்பள உயர்வு தருகிறார்கள். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டால் 60,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் என்று உடன் வேலை செய்பவர் பயமுறுத்துகிறார். உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதே சமயம், அந்த 40,000 ரூபாய் இந்த ஆண்டு உங்கள் கைக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக, உயர்வுக்குப் பிறகு உங்கள் மொத்த வருமானம் 12,40,000 ரூபாய். இதற்கு அட்டவணைப்படி வரி போட்டுப் பார்ப்போம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5% என்றால் 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10% என்றால் 40,000. மீதி 40,000 ரூபாய்க்கு 15% என்றால் 6,000. ஆக மொத்தம் 66,000 ரூபாய்.

12 லட்சம் வரை இருந்தபோது அந்த 60,000 ரூபாய் வரியை 87ஏ பிரிவின் தள்ளுபடி முழுதாகத் துடைத்துவிட்டது. கோட்டைத் தாண்டியதும் தள்ளுபடி இல்லை. உங்கள் நண்பர் இதுவரை சொன்னது சரி. அவர் விட்டுவிட்டது, அதே பிரிவில் இருக்கும் அடுத்த ஏற்பாட்டை. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தீர்களோ, அதைவிட அதிகமாக வரி வாங்கக் கூடாது என்கிறது அது. நீங்கள் தாண்டியது 40,000. அட்டவணை வரி 66,000. வித்தியாசமான 26,000 ரூபாய்தான் மார்ஜினல் ரிலீஃப். அது போக வரி 40,000.

இதன் மேல் 4% செஸ், அதாவது 1,600 ரூபாய், சேரும். செஸ் கணக்கிடுவது ரிலீஃபைக் கழித்த பிறகுதான். ஆக நீங்கள் கட்டுவது 41,600 ரூபாய். உயர்வு 40,000, வரி 41,600. உயர்வு வாங்காமல் இருந்திருந்தால் வந்திருப்பதைவிடக் கையில் 1,600 ரூபாய் குறைகிறது. ரிலீஃப் வரியை மட்டும் மட்டுப்படுத்துகிறது. செஸ்ஸுக்கு அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. இந்த ஓட்டையைப் பலர் கவனிப்பதே இல்லை.

இருந்தாலும் உயர்வை வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் கூடினால் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் கூடும். அடுத்த உயர்வும் இந்த எண்ணின் மீதுதான் கணக்காகும். ஓராண்டு வரிக்காக அதை விடுவது நஷ்டக் கணக்கு.

கேள்வி: இந்தச் சலுகை எவ்வளவு வருமானம் வரை உண்டு?

அட்டவணை வரியும், 12 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானமும் சமமாகும் இடம் வரை. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு ரூபாயிலும் 15 பைசா அட்டவணை வரிக்குப் போக, மீதி 85 பைசாதான் அந்த 60,000 ரூபாயை ஈடுகட்ட வேண்டும். ஆகவே 60,000 ரூபாயை 0.85-ஆல் வகுத்தால் 70,588 வருகிறது. ஆகவே மொத்த வருமானம் ஏறக்குறைய 12,70,588 வரை ரிலீஃப் உண்டு. சம்பளக்காரர் என்றால் நிலையான கழிவையும் சேர்த்து 13,45,588 வரை. அதற்கு மேல் அட்டவணை வரியே குறைவாக இருக்கும் என்பதால் ரிலீஃபுக்கு வேலை இல்லை.

இந்த எண்ணைவிட முக்கியமானது இன்னொன்று. செஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த வருமானம் சுமார் 12,73,934 ரூபாயைத் தொடும்வரை, வரி போகக் கையில் நிற்பது 12 லட்சத்துக்கும் கீழேதான். கழிவு போக மொத்த வருமானம் 12,75,000 உள்ளவரைப் பாருங்கள். வரி 71,250, செஸ் 2,850, மொத்தம் 74,100. கோட்டுக்கு மேல் சம்பாதித்த 75,000 ரூபாயில் அவருக்கு மிஞ்சுவது 900. இந்த இடைவெளிக்குள் சிக்குபவர்கள் என்ன செய்யலாம் என்று கீழே ஒரு கேள்விக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சம்பளம் சரியாக 12,75,000. அலுவலகத்தில் வரி பிடிக்கவில்லை. ஆனால் ரிட்டர்ன் போடும்போது 9,360 ரூபாய் கட்டச் சொல்கிறது. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. சேமிப்புக் கணக்கு வட்டியைப் பாருங்கள். அது 9,000 ரூபாய் இருக்க வேண்டும்.

சம்பளமே கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் ரிலீஃப் பகுதிக்குள் போய் விழுகிறது. அங்கே தாண்டிய தொகை முழுவதும் வரி என்பதால் 9,000 வரி, 360 செஸ். பழைய முறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 ரூபாய் வரை தரும் 80டிடிஏ கழிவு புதிய முறையில் கிடையாது. எனக்கு வரும் கேள்விகளில் இந்த வகைதான் அதிகம். சம்பளத்தை மட்டும் வைத்து நிம்மதியாக இருக்கிறார்கள், வட்டியை மறந்துவிடுகிறார்கள். ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியும் இதே கதைதான். பிப்ரவரியிலேயே வங்கிக் கணக்கு அறிக்கையைத் திறந்து வட்டியைக் கூட்டிப் பார்த்து, ஆண்டு முடிய இன்னும் என்ன வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 12 லட்சத்தைத் தாண்டாமல் இருக்க பி.பி.எஃப்., காப்பீடு போட்டால் போதுமா?

போதாது. புதிய முறையில் 80சி, 80டி எதுவும் செல்லாது. சம்பளக்காரர்களுக்கு நிஜமாகக் கைகொடுப்பது ஒன்றுதான்: நிறுவனம் உங்கள் பெயரில் என்.பி.எஸ்.ஸில் செலுத்தும் தொகை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 14% வரை 80சிசிடி(2) பிரிவில் கழிவு உண்டு. நீங்களே என்.பி.எஸ்.ஸில் போடும் பணத்துக்கு இந்த முறையில் கழிவு இல்லை.

ஒரு கணக்கு. ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 13,20,000, அதில் அடிப்படைச் சம்பளம் 6,00,000 என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு போக 12,45,000. ரிலீஃப் போக வரி 45,000, செஸ் 1,800, மொத்தம் 46,800. கையில் வருவது 12,73,200.

இதே 13,20,000-க்குள்ளிருந்து 48,000 ரூபாயை, அதாவது அடிப்படைச் சம்பளத்தில் 8 சதவீதத்தை, நிறுவனம் என்.பி.எஸ்.ஸுக்குத் திருப்பிவிடுகிறது. இப்போது மொத்த வருமானம் 11,97,000. வரி இல்லை. கையில் வருவது 12,72,000. முன்பைவிட 1,200 ரூபாய்தான் குறைவு, ஆனால் ஓய்வூதியக் கணக்கில் 48,000 சேர்ந்திருக்கிறது. ரிலீஃப் பகுதிக்குள் இருப்பவருக்கு இது கிட்டத்தட்ட முழுப் பணத்தையும் அரசே போட்டுக்கொடுப்பது மாதிரி.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அந்தப் பணம் நீண்ட காலத்துக்கு என்.பி.எஸ். விதிகளுக்குள் கட்டுண்டு கிடக்கும். அடுத்த சில ஆண்டுகளில் வீடோ கல்யாணமோ இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இரண்டாவது, நிறுவனம் இந்த வசதியை வைத்திருக்க வேண்டும். அதைச் சம்பளக் கட்டமைப்பில் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் ஹெச்.ஆரிடம் போய் நின்றால் நடக்காது.

கேள்வி: மார்ச்சில் வரவேண்டிய போனஸை ஏப்ரலில் கொடுங்கள் என்று கேட்டால்?

சம்பள வருமானத்துக்கு, பணம் பெற உரிமை வந்த நாள், கைக்கு வந்த நாள் இரண்டில் எது முந்தையதோ அதுதான் கணக்கு. மார்ச்சிலேயே உங்களுக்கு உரியதாகிவிட்ட போனஸை ஏப்ரலில் வாங்கினாலும் வரி இந்த ஆண்டில்தான். நிறுவனத்தின் விதிப்படியே அது ஏப்ரலில்தான் உரியதாகிறது என்றால் அடுத்த ஆண்டுக்குப் போகும்.

கேள்வி: 16 லட்சத்தைத் தாண்டினால் 20% ஸ்லாபுக்குப் போகிறேன். அங்கேயும் ரிலீஃப் உண்டா?

இல்லை, தேவையும் இல்லை. 16 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான் 20%. கீழே உள்ள பணத்தின் வரி மாறாது. 12 லட்சத்தில் மட்டும் தள்ளுபடி ஒரேயடியாக மறைவதால்தான் அங்கே பள்ளம் உண்டாகிறது.

கேள்வி: சம்பளம் போகப் பங்கு விற்ற லாபமும் இருக்கிறது. மொத்தம் 12 லட்சத்துக்குள்தான். வரி இல்லைதானே?

உண்டு. சம்பள வருமானம் கழிவு போக 11,50,000, பங்குச் சந்தையில் குறுகிய கால லாபம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,90,000 என்பதால் சம்பளத்தின் மீதான 55,000 ரூபாய் வரி தள்ளுபடியாகிவிடும். ஆனால் பங்கு லாபத்துக்கு 20% என்ற தனி விகிதம். அந்த 8,000 ரூபாய் வரியைத் தள்ளுபடி தொடாது. செஸ்ஸுடன் 8,320 கட்ட வேண்டும். 12 லட்சம் தாண்டியதா என்று பார்க்கும்போது மட்டும் இந்த லாபத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். அதனால் பங்கை விற்பதற்கு முன் மொத்த வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். கொஞ்ச லாபம் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், சம்பளத்துக்கான முழுத் தள்ளுபடி கையை விட்டுப் போய், மார்ஜினல் ரிலீஃப் மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: பழைய வரி முறையில் இருக்கிறேன். 5 லட்சத்தைச் சிறிது தாண்டினால்?

பழைய முறையில் 87ஏ தள்ளுபடிக்கு மார்ஜினல் ரிலீஃப் இல்லவே இல்லை. 5,00,000 ரூபாய்க்கு வரி சுழியம். 5,00,010 ரூபாய்க்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 13,000. பத்து ரூபாய்க்காக இவ்வளவு கட்டுவது நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு 80சி போன்ற கழிவுகள் உண்டு என்பதால் மார்ச் 31-க்குள் கோட்டுக்குக் கீழே வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் வசிப்பவராக வரிச் சட்டப்படி கருதப்படுபவருக்கு எந்த முறையிலும் 87ஏ தள்ளுபடி கிடையாது. இங்கே அவருக்கு 12,40,000 வருமானம் இருந்தால், 66,000 ரூபாய் வரியும் அதன் மேல் செஸ்ஸும் அப்படியே கட்ட வேண்டும்.

கேள்வி: ரிட்டர்ன் படிவத்தில் மார்ஜினல் ரிலீஃபை எங்கே நிரப்புவது?

தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். 87ஏ தள்ளுபடிக்கான கட்டத்திலேயே அது தானாகக் கணக்காகி வந்துவிடும். முதல் கேள்வியில் பார்த்தவருக்கு அந்த இடத்தில் 26,000 என்று தெரிய வேண்டும். சுழியம் என்று காட்டினால், புதிய முறை தேர்வாகியிருக்கிறதா, வசிப்பு நிலை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். படிவத்தில் மார்ஜினல் ரிலீஃப் என்ற பெயரிலேயே வரும் இடம், 50 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் சர்சார்ஜுக்கானது. அதில் கை வைக்காதீர்கள்.