டயப்பர் ரேஷ்: தொடை மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டு க்ரீம் வாங்குங்கள்

கேள்வி: பாப்பாவுக்கு எட்டு மாசம். டயப்பர் போடற இடமெல்லாம் செவந்து கிடக்கு, ஜிங்க் க்ரீம் போட்டும் நாலு நாளா குறையல. இது சாதா ரேஷா, ஃபங்கஸா? என்ன க்ரீம் வாங்கறது?

பாலக்கோட்டில் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தொடை இடுக்கில் மடிப்பை விரித்துப் பார்த்தீர்களா என்பதைத்தான்.

ஈரமும் மலமும் பட்டு வருகிற சாதா ரேஷ், டயப்பர் உரசுகிற மேடான இடங்களில்தான் இருக்கும். புட்டம், தொடையின் உள்பக்கம், அடிவயிறு எல்லாம் சிவந்திருக்கும், ஆனால் மடிப்பை விரித்தால் உள்ளே தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேண்டிடா என்கிற பூஞ்சைக்கு அந்த மடிப்புதான் பிடித்த இடம், ஏனென்றால் சூடும் ஈரமும் அங்கேதான் தங்குகிறது. உள்வரைக்கும் ரத்தச் சிவப்பாக, கொஞ்சம் பளபளப்பாக, ஓரம் தெளிவாக எல்லை கட்டினமாதிரி இருக்கும், சில சமயம் அந்த ஓரத்தில் மெல்லிய செதில் உரியும். அதைவிட நல்ல அடையாளம், பெரிய சிவப்புத் திட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி, நல்ல தோலில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னப் பொரிகள். மாநிறம், கறுப்பு நிறக் குழந்தைகளுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு மடிப்பையும் பொரியையும் பாருங்கள்.

பேதியோ ஆன்டிபயாட்டிக் சிரப்போ சமீபத்தில் இருந்ததா என்பதும் முக்கியம். ரெண்டுமே பூஞ்சைக்கு வழிவிடும். வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அங்கேயும் அதே பூஞ்சை இருக்கலாம், அதற்குத் தனி மருந்து, டாக்டர்தான் எழுத வேண்டும். ஜிங்க் போட்டும் நாலு நாள் குறையவில்லை என்கிறீர்கள், அதுவே பூஞ்சை பக்கம் கை காட்டுகிறது.

போன சித்திரையில் ஒரு அம்மா, கைக்குழந்தையோடு பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர். சளிக்கு ஆன்டிபயாட்டிக் முடிந்த கையோடு பயணம், வழியெல்லாம் ஒரே டயப்பர். ஊருக்கு வந்ததும் ரேஷ். வேறொரு கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டிருக்கிறார், ரெண்டே நாளில் மங்கிவிட்டது. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தது. ட்யூபைத் திருப்பிப் படித்தேன்: க்ளோபீட்டாசால், நியோமைசின், மைகோனசோல். பூஞ்சை மருந்து அதில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கூடவே இருக்கிற க்ளோபீட்டாசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அது சிவப்பை அடக்கிவிடும், அந்த இடத்து எதிர்ப்பையும் அடக்கிவிடும், அதனால் பூஞ்சைக்குத்தான் லாபம். டயப்பர் மேலே மூடிக்கொண்டிருப்பதால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். தோல் மெலியும், ரொம்ப நாள் போட்டால் உடம்பின் ஹார்மோனையே பாதிக்கும். 2018-ல் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்தும் இந்த மாதிரிக் கலவை க்ரீம் இன்னும் சீட்டில்லாமல் கைமாறுவது எனக்கு உண்மையிலேயே வேதனை. வாங்கும்போது பின்பக்கத்தில் க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவைக் குழந்தை டாக்டரிடம் அனுப்பினேன், அவர் எழுதியது தனி க்ளோட்ரிமசோல் 1% க்ரீம். மைகோனசோல் 2% தனியாக வருவதும் சரிதான். நீங்களும் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, பூஞ்சைதான் என்று உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள். டாக்டர் வேறு கணக்கு சொல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று தடவை போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்து, துணியால் ஒற்றி, மடிப்பு நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாகத் தடவுங்கள், சிதறிய பொரிகளைத் தாண்டியும் கொஞ்சம் போகட்டும். சில நிமிஷம் விட்டு அதன் மேல் ஜிங்க் க்ரீமைக் கனமாகப் பூசுங்கள். வரிசை மாறினால் மருந்து தோலில் படாது. பூஞ்சை க்ரீம் போடாத வேளையில் டயப்பர் மாற்றும்போது ஜிங்க் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டாம், மலம் பட்டதை மட்டும் எடுங்கள்.

ரெண்டு மூன்று நாளில் மங்கத் தொடங்கும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் திரும்ப வருகிறது. தோல் தெளிந்த பிறகும் சில நாள், மொத்தம் ஒரு வாரம் பத்து நாள் போடுங்கள். பகலில் முடிந்தவரை டயப்பர் இல்லாமல் பருத்தித் துணி மேல் விடுங்கள், வெயில் காலத்தில் நம்ம ஊர்ச் சூட்டுக்கு அது ரொம்பவே உதவும். பவுடர் வேண்டாம், ஆன்டிஃபங்கல் பவுடரும் வேண்டாம், மடிப்பில் பவுடர் திரண்டு கட்டியாகும், குழந்தை மூச்சில் இழுத்துவிடும். தேங்காய் எண்ணெய் சாதா ரேஷுக்கு உரசலைக் குறைக்கும், பூஞ்சைக்கு அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

காய்ச்சல், சீழ், கொப்புளம், தேன் நிறத்தில் காய்ந்த பக்கு, இதில் எது இருந்தாலும் க்ரீம் தேடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். க்ரீம் ஒழுங்காகப் போட்டும் ஒரு வாரத்தில் மாற்றம் இல்லையென்றாலோ, மாதாமாதம் திரும்பி வந்தாலோ மறுபடி காட்டுங்கள், அப்போது வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். போகும்போது இதுவரை போட்ட ட்யூப்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள், காலி ட்யூபாக இருந்தாலும் சரி.