97 மதிப்பெண் வாங்கிய கேம் எனக்கு ஏன் அலுக்கிறது?

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமுக்கு மெட்டாகிரிட்டிக்கில் 97. விலைக்கழிவில் வாங்கினேன். நான்கு இரவு முயன்றும் அலுப்புத்தான். டூமையும் ஹேடிஸையும் விடியும்வரை ஆடியவன் நான். விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களா? — வாசகர், வெள்ளவத்தை

இல்லை. அந்த 97 சரியான எண்தான். விமர்சகர்கள் பலர் தந்த மதிப்பெண்களின் சராசரி அது. கேம் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அது ஓரளவு சொல்லும். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு உட்காரும் உங்களுக்கு அது பிடிக்குமா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது.

அந்தக் கேமில் அலுமாரியைத் திறந்தால் கை போய் ஒவ்வொரு பொருளாக எடுக்கும். மான் ஒன்றைச் சுட்டால் தோலை உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குதிரையில் நெடுந்தூரம் போக வேண்டும். விமர்சகர் இதை "உயிருள்ள உலகம்" என்று எழுதுவார். பிடிக்காதவர் "ஆமை வேகம்" என்று எழுதுவார். இருவரும் சொல்வது ஒன்றைத்தான். நீங்கள் பார்த்திருக்க வேண்டியது அந்த விடயத்தை.

இனி வாங்கும்போது இப்படிச் செய்யுங்கள். முதலில், உங்களுக்குப் பிடித்த கேமுக்கு மற்றவர்கள் எழுதிய எதிர் விமர்சனங்களைப் படியுங்கள். ஹேடிஸுக்கு வரும் வழக்கமான குறை, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதே அறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது. அது உங்களை உறுத்தவில்லை. பிறகு நீங்கள் கைவிட்ட கேமின் எதிர் விமர்சனங்களைப் படியுங்கள். மந்தமான அசைவு, நீண்ட பயணம், சொன்ன பாதையை விட்டு விலகினால் பணி தோற்றுப்போவது என்று வரும். உங்களை விரட்டியது அதுதான். ஆக, திரும்பச் செய்வதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள், கை கட்டிக் காத்திருப்பதைப் பொறுக்கமாட்டீர்கள். இந்த ஒரு வரியைக் குறித்து வையுங்கள்.

இப்போது எல்டன் ரிங், டிஸ்கோ எலிசியம் இரண்டையும் எடுப்போம். இரண்டுக்கும் 90-க்கு மேல். எல்டன் ரிங்கை ஏசுகிறவர்கள், ஒரே எதிரியிடம் இருபது தரம் சாக வேண்டியிருக்கிறது, எங்கே போவது என்று கேம் சொல்வதில்லை என்பார்கள். முதல் குறை உங்களுக்குக் குறையே இல்லை. இரண்டாவதைத் தாங்குவீர்களா என்பதை மட்டும் யோசியுங்கள். டிஸ்கோ எலிசியத்தை ஏசுகிறவர்கள், சண்டையே இல்லை, முழுக்க வாசிப்பு என்பார்கள். அது அருமையான கேம். ஆனால் நீங்கள் அதை வாங்க வேண்டாம்.

ஸ்டீமில் Overwhelmingly Positive என்று இருந்தால் யோசிக்காமல் வாங்கலாமா? — மாணவி, கொட்டாஞ்சேனை

கூடாது, தங்கச்சி. 95 வீதமோ அதற்கு மேலோ ஆதரவு இருந்தால் கிடைக்கும் பட்டம் அது. 95 வீதம் என்றால் விமர்சனம் எழுதியவர்களில் 95 வீதமானோர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்றுதான் அர்த்தம். அவர்களில் பெரும்பாலோர் அந்த வகைக் கேமைத் தேடிப் போய் வாங்கியவர்கள். ரயில் ஓட்டும் கேமை ரயில் பிரியர்தான் வாங்குகிறார்.

காசுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குவேன். ஹவ் லாங் டு பீட் தளத்தில் 60 மணிக்குக் குறைந்தால் தொடமாட்டேன். இந்த முறை சரிதானே அண்ணா? — தெஹிவளை

சரியில்லை. நானும் ஒரு காலத்தில் இதே கணக்குப் போட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பம்பலப்பிட்டிக் கடை ஒன்றில் நூறு மணி நேரக் கேம் ஒன்றை அந்த மாதத்துச் செலவைச் சுருக்கி வாங்கினேன். 14 மணியில் விட்டேன். வரைபடம் பெரிதுதான். ஆனால் முகாமைப் பிடி, கோபுரத்தில் ஏறு, பெட்டியைத் திற என்று முதல் ஐந்து மணியில் செய்ததையே மீதி நேரமும் செய்ய வேண்டியிருந்தது. அந்த நூறு மணியில் எண்பத்தாறு மணியை நான் தொடவே இல்லை. காசு மட்டும் முழுதாகப் போயிற்று. 2007-இல் வந்த போர்ட்டலை மூன்று நான்கு மணிகளில் முடித்துவிடலாம். அதில் ஓர் அறைகூட வீண் இல்லை.

அந்தத் தளத்தில் உள்ள மணிகள் முடித்தவர்கள் பதிந்தவை. இடையில் எழுந்து போனவர்கள் அதில் இல்லை. கதை மட்டும், கதையும் உபரியும், எல்லாவற்றையும் முடிப்பது என்று தனித்தனி எண்கள் இருக்கும். முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதை 20 மணி, முழுதும் 90 மணி என்றால் அந்த 70 மணி பொறுக்கிச் சேர்க்கும் வேலை. அதில் உங்களுக்கு விருப்பம் இருந்தால் சரி. இல்லையென்றால் நீங்கள் வாங்குவது 20 மணி நேரக் கேம்.

மணிக்கணக்கு உண்மையில் உதவுவது விமர்சனம் எழுதியவரை எடைபோடத்தான். ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் அவர் எத்தனை மணி ஆடினார், எழுதும்போது எத்தனை மணி ஆகியிருந்தது என்று இருக்கும். அரை மணியில் புகழ்ந்தவரை விட்டுவிடுங்கள். 800 மணி ஆடிவிட்டு ஏசுகிறவர் பெரும்பாலும் அண்மையில் வந்த மாற்றத்தின் மேல் கோபப்படுகிறார். புதிதாக வாங்கும் உங்களுக்கு அதில் எடுக்க அதிகம் இல்லை. 5 முதல் 20 மணிவரை ஆடிவிட்டு வேண்டாம் என்றவரைத் தேடுங்கள். நியாயமாக முயன்று பார்த்து, எந்த இடத்தில், ஏன் எழுந்து போனார் என்று சொல்லக்கூடியவர் அவர். இவ்வளவு மணிக்கு மேல், இவ்வளவுக்குக் கீழ் என்று வடிகட்டும் வசதி விமர்சனப் பகுதியிலேயே உண்டு. அப்படிப் பத்துப் பேரை வாசித்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். சிலர் கேமைத் திறந்து வைத்துவிட்டு நித்திரைக்குப் போகிறார்கள். அந்த மணியும் கணக்கில் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 4-க்கு சைபர்பங்க் 2077 பாவித்த டிஸ்க் வாங்கினேன். கடைக்காரர் போனில் 86 என்று காட்டினார். வீட்டில் போட்டால் தடுமாறித் தடுமாறி ஓடுகிறது. அந்த எண் கணினிப் பதிப்புக்கு உரியதாம். திருப்பி எடுக்க மறுக்கிறார். — மட்டக்குளி

நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. 2020 டிசம்பரில் அந்தக் கேம் வந்தபோது முன்கூட்டியே விமர்சிக்கக் கிடைத்தது கணினிப் பதிப்புத்தான். பழைய கன்சோல்களில் அது ஓடிய நிலையைப் பார்த்து, வெளிவந்த சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்தது. மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு கருவிக்கும் தனி மதிப்பெண் வைத்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 4-க்கான எண் மிகவும் கீழே கிடக்கிறது.

முதலில் இணையத்தில் இணைத்து அப்டேட் முழுவதையும் இறக்குங்கள். டிஸ்க்கில் இருப்பது பழைய பதிப்பு, பிறகு வந்தவை எவ்வளவோ மேல். 2023-இல் வந்த 2.0 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் மட்டும் உங்கள் கருவிக்கு இல்லை. அப்புறமும் திருப்தி இல்லையென்றால் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய், எந்தப் பதிப்பின் மதிப்பெண்ணைக் காட்டி விற்றார் என்று கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977-இல் அழையுங்கள்.

ஸ்டீமில் வாங்கி மூன்று கிழமை. 9 மணி ஆடிவிட்டேன். பிடிக்கவில்லை. காசு திரும்புமா? விமர்சனம் எதுவும் பார்க்கவில்லை. — கொள்ளுப்பிட்டி

வராது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணிக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். ஒரு விமர்சனமாவது பார்த்துவிட்டு டொலரைக் கொடுத்திருக்கலாம்.

அந்த 2 மணிக்குள் ஆடிப் பார்த்தே முடிவெடுத்தால் போதாதா? விமர்சனம் எதற்கு? — வாசகர், வெள்ளவத்தை

ஹேடிஸ் மாதிரி கேமுக்குப் போதும். முதல் அரை மணியிலேயே அதன் முழு இயல்பும் தெரிந்துவிடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் பனி மலை அத்தியாயத்துக்கே ஏறக்குறைய 2 மணி போகிறது. திறந்த உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் நேரம் முடிந்துவிடும். ஆகவே விமர்சனங்களில் "எத்தனையாவது மணியில் சூடு பிடிக்கிறது" என்பதைத் தேடுங்கள். பலர் ஐந்தாவது மணி, ஆறாவது மணி என்று எழுதியிருந்தால் அந்தக் கேமை 2 மணியில் சோதிக்க முடியாது. பிடித்த, விட்ட கேம்களை ஒப்பிட்டு மேலே சொன்னபடி பார்ப்பதுதான் அப்போது வழி.