குதிகாலுக்கு மேலே டப்பென்று சத்தம்: சுளுக்கு என்று விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 41. ஞாயிறுதோறும் ஷட்டில் விளையாடுவேன். ரெண்டு மாசமாகக் காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே இறுக்கமும் வலியும். போன ஞாயிறு நெட்டுக்குப் பாயும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது, டப்பென்று சத்தமும் கேட்டது. இப்போது நொண்டி நொண்டி நடக்கிறேன், பாதத்தை அசைக்க முடிகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் போட்டார்கள். ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்:

ஓய்வு மட்டும் போதாது. நீங்கள் எழுதியிருப்பது, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த தசைநாண் அறுந்தவர்கள் சொல்லும் விவரம் அப்படியே. டாக்டர்கள் அதை அக்கிலிஸ் டெண்டன் என்பார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த அடியோடு வருகிறவர்களில் பலர், அந்த நொடியில் திரும்பி, பின்னால் நின்று ஆடியவரைத்தான் முறைத்ததாகச் சொல்வார்கள். பின்னால் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

இன்றே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு பாதங்களும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கால்களைத் தளர்வாக விடுங்கள். வீட்டில் யாரையாவது முதலில் நல்ல காலின் கெண்டைச் சதையை நடுவில் இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கச் சொல்லுங்கள். பாதம் தானாகக் கீழ்நோக்கி நீளும். அடுத்து அடிபட்ட காலில் அதே அளவு அமுக்கட்டும். பாதம் அசையாமல் கிடந்தாலோ, மறுகாலை விடத் தெளிவாகக் குறைவாக அசைந்தாலோ, நாண் அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அப்படியே முழங்காலை மடக்கி இரண்டு உள்ளங்கால்களையும் கூரையைப் பார்க்க வைத்தால் இன்னொன்றும் தெரியும்: நல்ல பாதம் கொஞ்சம் நீண்டே நிற்கும், அறுந்த பக்கத்துப் பாதம் மட்டமாகவோ முன்பக்கமாகச் சரிந்தோ கிடக்கும். குதிகால் எலும்புக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே விரலால் தடவினால் சிலருக்குப் பள்ளம் தட்டுப்படும். ஆனால் சில நாள் ஆகிவிட்டால் வீக்கம் அதை மறைத்துவிடும், அதனால் பள்ளம் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம்.

"நடக்க முடிகிறது, பாதம் அசைகிறது" என்ற இரண்டும்தான் பலரையும் ஏமாற்றுகிறது. கணுக்காலுக்குப் பின்னால் இந்த ஒரு நாண் மட்டும் ஓடவில்லை. விரல்களை மடக்கும் நாண்களும் பக்கவாட்டு நாண்களும் உண்டு. பெரிய நாண் முழுதாக அறுந்தாலும், பாதத்தைக் கீழே அழுத்த அவை போதும். உடம்பு எடையைத் தூக்கத்தான் போதாது. அதனால்தான் தட்டையாக நடக்க முடியும், படியில் உந்தி ஏற முடியாது. எக்ஸ்ரே எலும்பைப் பார்ப்பதற்கானது. அது சுத்தமாக இருந்தால் எலும்பு முறியவில்லை என்று மட்டும்தான் பொருள். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், எம்ஆர்ஐ சில நேரம்தான் தேவைப்படும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய வங்கி ஊழியர், உங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர். ஆறு வாரம் கிரேப் பேண்டேஜோடு ஓட்டிவிட்டு, "வலி போயிடுச்சு சார், ஆனா காலுக்குத் தெம்பே இல்லை" என்று வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னேன். முகம் சிவக்கிறது, விரல்கள் தரையைக் கவ்வுகின்றன, குதிகால் ஒரு இம்மிகூட எழவில்லை. அறுந்த முனைகள் விலகியே கிடக்க, நடுவில் தழும்புத் திசு நிரம்பி, நாண் நீளமாகிவிட்டிருந்தது. சதை எவ்வளவு சுருங்கினாலும் அந்த இழுப்பு குதிகாலுக்குப் போய்ச் சேராது. கடைசியில் பெருவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகாலில் பொருத்தும் பெரிய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. முதல் வாரத்திலேயே வந்திருந்தால் வெறும் மாவுக்கட்டோடு முடிந்திருக்கலாம்.

ஆமாம், புதிதாக அறுந்தால் கத்தி வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாதத்தை நன்றாகக் கீழ்நோக்கி நீட்டி வைத்துக் கட்டினால் முனைகள் ஒன்றையொன்று நெருங்கும். அந்த நிலையிலேயே மாவுக்கட்டு, அல்லது குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் வைத்த வாக்கிங் பூட். ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பாதத்தை மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். நார்வேயில் 526 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்துக் காலின் செயல்பாட்டில் அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி அறுந்தது மட்டும் செய்யாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு, செய்தவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அறுவை செய்தவர்களுக்கு நரம்பு பாதிப்பு கூடுதல். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும், இரண்டு வாரம் தாண்டினால் வெறும் மாவுக்கட்டை நம்புவது கடினம்.

மருத்துவரைப் பார்க்கும் வரை எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், காலை நீட்டி இழுத்துவிடவும் வேண்டாம். இழுப்பதால் முனைகள் இன்னும் விலகும். சிகிச்சை தொடங்கிய பிறகும் முதல் மூன்று மாதத்துக்கு இந்தியன் டாய்லெட்டில் குத்துக்காலிடுவது கூடாது. அந்த உட்காரலில் பாதம் முன்னே மடங்கி, ஆறிக்கொண்டிருக்கும் நாண் நீண்டுவிடும். நம் ஊரில் பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை. கட்டு போட்ட காலத்தில் சதை திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருத்துவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா, குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா என்று. இரண்டுமே நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அந்த ஆன்டிபயாட்டிக் வகைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது.

சோதனையில் பாதம் நன்றாக அசைந்தால்? அப்போது கெண்டைச் சதையின் உட்பக்கம், கொஞ்சம் மேலே, தசை கிழிந்திருக்கலாம். அந்தக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறும். ஆனாலும் உங்கள் விவரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்தே உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ரெண்டு மாசக் காலை வலி தனிக் கதை. ஏற்கெனவே நைந்துகொண்டிருந்த நாணின் அறிகுறி அது. நாண் அறுபடவில்லை என்று உறுதியானால், படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை முழங்கால் நேராக வைத்தும் லேசாக மடக்கியும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம் செய்வார்கள். வலி எலும்பு ஒட்டுமிடத்திலேயே இருந்தால் படி வேண்டாம், தரையிலேயே செய்ய வேண்டும்.

மறுபடி ஷட்டில் எப்போது என்று அடுத்துக் கேட்பீர்கள். அறுந்திருந்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். நாள்காட்டியை விட முக்கியம், அந்த ஒற்றைக் காலில் நின்று, மறுகாலில் எத்தனை முறை முடிகிறதோ ஏறக்குறைய அத்தனை முறை, அதே உயரத்துக்குக் குதிகாலைத் தூக்க முடிவது. அதற்கு முன்னால் நெட்டுக்குப் பாயாதீர்கள்.